முகாமில் பத்து நிமிடம்: கிராம நிர்வாக அலுவலர் எதைப் பேச வேண்டும்?

குரூப் 4 எழுதி கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வருடத்துக்குள்ளேயே இந்த வேலை வந்துவிடும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து போன் வரும்: "வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல முகாம். எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு ஜனங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் சொல்லிடுங்க." மனுநீதி நாளோ, மக்களுடன் முதல்வரோ, முகாமின் பெயர் எதுவானாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே பத்து நிமிடம்தான். பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் கையில் மனுவோடு வந்தவர்கள். அவர்கள் கண் உங்கள் மேல் இருக்காது, மனு வாங்கும் மேசை மேல்தான் இருக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வாசிப்பார்கள். சாதிச் சான்றுக்கு இவை, வருமானச் சான்றுக்கு இவை, இருப்பிடச் சான்றுக்கு இவை என்று போகும். மூன்றாவது சான்றிதழுக்கு வருவதற்குள் கூட்டம் பேச ஆரம்பித்துவிடும், அதில் தவறும் இல்லை. ஆதார், குடும்ப அட்டை, போட்டோ ஆகிய மூன்றும் எல்லாப் பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன, அவை எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. குடும்ப அட்டை இல்லாததால் விண்ணப்பம் திரும்பியவர்கள் உங்கள் ஊரில் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று இருந்ததால் திரும்பியவர்களே அதிகம். ஆகவே எந்தப் பேப்பர் வேண்டும் என்பதைவிட, பேப்பர் இருந்தும் விண்ணப்பம் ஏன் திரும்புகிறது என்பதைப் பேசுங்கள்.

அதற்கான குறிப்பு உங்கள் கணினியிலேயே இருக்கிறது. முகாமுக்கு முந்தைய நாள் உங்கள் லாகினைத் திறந்து, அண்மையில் நீங்களும் வருவாய் ஆய்வாளரும் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களின் காரணங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கிராமம் தவறு, பெயர் பொருந்தவில்லை, ஸ்கேன் படிக்க முடியவில்லை, பெற்றோர் சான்று இணைக்கவில்லை என்று நான்கைந்து காரணங்களே மாறி மாறி வரும். உங்கள் பேச்சுக்குப் பொருள் அந்தத் தாள்தான்.

முதல் விஷயமாகச் சொல்ல வேண்டியது ஊரின் பெயர். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் காரணம் இருக்கிறது. குடியிருப்பவருக்குத் தெரிவது தன் குக்கிராமத்தின் பெயர். ஓட்டுப் போடுவதால் ஊராட்சியின் பெயரும் தெரியும். இ-சேவைத் தளம் கேட்பதோ வருவாய்க் கிராமத்தின் பெயரை. பல இடங்களில் இந்த மூன்றும் வேறு வேறு. இ-சேவை மையத்தில் குடிமக்கள் அணுகு எண், அதாவது எல்லாரும் 'கேன் நம்பர்' என்று சொல்வதைப் பதிவு செய்யும்போது மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் என்று வரிசையாகத் தேர்வு செய்ய வேண்டும். மையத்துப் பையன் வேறு ஊர்க்காரனாக இருந்தால், பட்டியலில் காதுக்கு ஏறக்குறைய ஒத்துவரும் பெயரைத் தட்டிவிடுவான். விண்ணப்பம் நேராகப் பக்கத்து கிராம நிர்வாக அலுவலரின் லாகினுக்குப் போய்விடும். அவர் "எங்கள் கிராமத்தில் வசிக்கவில்லை" என்று எழுதுவார். அது சரியும்கூட. விண்ணப்பித்தவர் உங்களிடம் வந்து சண்டை போடுவார், உங்களிடமோ விண்ணப்பமே இருக்காது. எனவே பேச்சைத் தொடங்கும்போதே, "நம்ம தெருவுக்கு என்ன பேர் இருந்தாலும் சரி, இ-சேவையில வருவாய்க் கிராமம்னு கேட்டா இந்தப் பேரைத்தான் சொல்லணும்" என்று சொல்லி, பெயரைக் கூட்டத்தையே திருப்பிச் சொல்ல வையுங்கள். கிராம உதவியாளரை விட்டு அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி மேடைக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லுங்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு போகட்டும்.

அதே மூச்சில் செல்பேசி எண்ணையும் சொல்லிவிடுங்கள். கேன் பதிவின்போது ஓடிபி உடனே வரவேண்டும் என்பதற்காக மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவது உண்டு. பிறகு விண்ணப்பம் திரும்பினாலும், ஒப்புதல் ஆனாலும் குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் போகும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. "சொந்த நம்பரைக் கொடுங்க, இல்ல பிள்ளையோட நம்பரைக் கொடுங்க. ரசீதை வாங்கிக்கிட்டுத்தான் வெளிய வரணும்" என்றால் போதும். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையக் கட்டணம் 60 ரூபாய் என்பதையும், அதற்கு மேல் உங்களுக்கோ உதவியாளருக்கோ எதுவும் தரவேண்டியதில்லை என்பதையும் மைக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சிலருக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி வெளியே யாராவது காசு வாங்கிக்கொண்டிருந்தால், அதைத் தடுக்க நீங்கள் செய்யக்கூடிய காரியங்களில் இதுதான் எளியது.

இனிச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றாக எடுக்காமல், ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடித்த பெண் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். அப்பா கொத்தனார், அம்மா விவசாயக் கூலி, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அந்தப் பெண்ணுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் வேண்டும். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் பிறப்பிடச் சான்று தேவைப்படாது. இதைச் சொன்னாலே ஒரு வரிசை குறையும், ஏனென்றால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சாதிச் சான்றில் நீங்கள் பார்ப்பது, இந்தப் பெண் யாருடைய மகள், அவர்களுடைய சாதிக்கு என்ன ஆதாரம் என்ற இரண்டைத்தான். அப்பாவின் சாதிச் சான்று இருந்தால் வேலை முடிந்த மாதிரி. பழைய அட்டையாக, மை மங்கிப்போனதாக இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அம்மாவுடையது, உடன் பிறந்தவர்களுடையது, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அப்பா பள்ளிக்கே போகாதவர் என்றால் சித்தப்பா, பெரியப்பா வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். பெற்றோர் வேறு வேறு சாதி என்றால், பிள்ளைக்கு அப்பாவின் சாதியிலோ அம்மாவின் சாதியிலோ வாங்கலாம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கூட்டத்தில் யாரும் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய வீடு ஒன்றாவது அங்கே இருக்கும். கல்யாணமாகி வந்த மருமகளுக்குக் கணவர் வீட்டுச் சாதி வராது, அவருக்கு அப்பா வீட்டு ஆதாரம்தான் வேண்டும். பந்தலில் அதிகம் குழப்பம் உண்டாக்கும் விஷயம் இது, இரண்டு முறை சொல்லலாம். பழங்குடியினராக இருந்தால் சான்று தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். அவர்களைத் தனியாக வந்து பார்க்கச் சொல்லுங்கள், மைக்கில் விளக்க நேரம் போதாது.

வருமானச் சான்றில் உங்களுக்கு வரும் கஷ்டம் வேறு மாதிரி. "எழுபத்திரண்டாயிரம்னு போட்டுக் குடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பழைய வரம்பு 72,000 ரூபாய். அது 1,20,000 ஆனபிறகும் அந்த எண் ஊர்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மேடையிலேயே ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள். கொத்தனாருக்கு நாள் கூலி 700, வருடத்தில் 180 நாள் வேலை கிடைத்தால் 1,26,000. அம்மாவுக்கு நாள் கூலி 300, நடவு, களை, அறுவடை என்று 80 நாள் என்றால் 24,000. மொத்தம் 1,50,000. அந்தப் பெண் கேட்கப்போகும் கல்வி உதவித்தொகைக்கு வரம்பு 2,50,000. உள்ளதைச் சொன்னாலே உதவித்தொகை கிடைக்கும்போது குறைத்துச் சொல்வதில் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. உங்களுக்கோ நஷ்டம் உண்டு. ஒரே வருடத்தில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு தொகையில் பரிந்துரை போயிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பேப்பர் என்று பார்த்தால் கூலி வேலைக்காரரிடம் வருமானத்துக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவர் கையெழுத்திட்ட சுய உறுதிமொழியும் உங்கள் விசாரணையும்தான் ஆதாரம். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சான்று, வருமான வரி கட்டுகிறவருக்குக் கணக்குத் தாக்கல் நகல், நிலம் இருந்தால் பட்டா. இந்தச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அண்ணன் படிக்கும்போது வாங்கியதைத் தங்கைக்கு நீட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாதிச் சான்று அப்படியல்ல, ஒரு முறை வாங்கினால் நிரந்தரம்.

முதல் பட்டதாரிச் சான்றுதான் மே, ஜூன் மாதங்களில் உங்களை அதிகம் அலைக்கழிக்கும். 2010-11 முதல் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகைக்காகக் கேட்கப்படும் சான்று இது. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்பதுதான் இங்கே நிரூபிக்க வேண்டியது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன் பிறந்தவர்கள் மட்டுமல்ல, இரண்டு பக்கத் தாத்தா பாட்டியும் சேர்த்தி. அம்மா வழித் தாத்தா வாத்தியாராக இருந்தவர் என்றால் விசாரித்துத்தான் ஆகவேண்டும். தபால் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான், கல்யாணமாகிப் போன அக்காவின் பட்டமும் கணக்கில் சேரும். அக்கா ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. டிப்ளமோ, ஐடிஐ ஆகியவை பட்டம் அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல், "எங்க பெரியவன் பாலிடெக்னிக் படிச்சிட்டான், எங்களுக்கு இல்லீங்களே" என்று விண்ணப்பிக்காமலே போய்விடும் வீடுகளும் உண்டு. அவர்களுக்காகவே இதை நிறுத்திச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் எதுவரை படித்தார் என்பதைப் பள்ளி மாற்றுச் சான்றிதழ்களோடு எடுத்து வைக்கச் சொன்னால், விசாரணைக்கு வரும்போது உங்களுக்குக் கால் மணி நேரம் மிச்சம்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைப்பது பெயர்தான். அப்பாவின் பெயர் ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். மகளின் மாற்றுச் சான்றிதழில் ஏழுமலை, குடும்ப அட்டையில் ஏழுமலை. ஆதார் எடுத்த இடத்தில் ஆங்கிலத்தில் எப்படியோ தட்டி, அது தமிழுக்குத் திரும்பி வரும்போது 'எலுமலை' ஆகியிருக்கும். முருகேசன் 'முருகேஷன்' ஆவதும், அஞ்சலை 'அஞ்சலி' ஆவதும் இப்படித்தான். "எல்லாப் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பேரைப் படிச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மாறியிருந்தால் எதைத் திருத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கிற பிள்ளையின் பெயரில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையே அளவாக வைத்துக்கொண்டு ஆதாரைத் திருத்துவது நல்லது. மதிப்பெண் சான்றிதழைத் திருத்தப் போனால் அது நீண்ட அலைச்சல். பெரியவர்களுக்கு முதலில் ஆதாரைச் சரிசெய்துகொண்டு, பிறகு அதற்கேற்பக் குடும்ப அட்டையைத் திருத்தலாம். ஆதாருக்கு ஆதார் மையம், குடும்ப அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம் அல்லது இ-சேவை.

இதில் உங்களுக்கும் ஒரு சொல். இனிஷியல் முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது என்பதற்கெல்லாம் விண்ணப்பத்தைத் திருப்பாதீர்கள். ஆள் ஒருவர்தான் என்று விசாரணையில் தெரிந்தால் அதைக் குறிப்பில் எழுதிப் பரிந்துரை செய்யுங்கள். கள விசாரணை என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

மத்திய அரசு வேலைக்கு எழுதும் பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ரயில்வே, எஸ்எஸ்சி, வங்கி போன்றவற்றுக்கு நம் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் சான்று மட்டும் போதாது. ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். 8 லட்ச ரூபாய் வரம்பு என்றதும் அரசுச் சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் தமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலைதான் தனியாகப் பார்க்கப்படும். இதை மைக்கில் விரித்தால் குழம்பும். "சம்பளம் அதிகம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, வந்து கேளுங்க" என்பது போதும்.

கடைசியாக வாரிசுச் சான்று. இதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் எல்லாருடைய ஆதார், இறந்தவருக்கும் அவர்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் பேப்பர், குடும்ப அட்டை வேண்டும். பட்டியல் சின்னதுதான், ஆனால் அதிகம் விடுபடுவது பேப்பர் அல்ல, ஆட்கள். கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிட்டு மகன்களை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். நாற்பது வயதில் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் என்று எழுதுவார்கள், அவருடைய அம்மா தம்பி வீட்டில் உயிரோடு இருப்பார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, மகள் எந்த ஊருக்குக் கல்யாணமாகிப் போனாலும் வாரிசு. விட்டுவிட்டு வாங்கிய சான்று பிறகு ரத்தாகும், விசாரித்தவர் என்ற முறையில் உங்களுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். மகள்களைச் சேர்க்க ஏன் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்ததே: பெயர் வந்தால் பங்கு கேட்பார்கள் என்ற பயம். "இது யார் யார் வாரிசுன்னு சொல்ற சான்று, பாகப்பிரிவினை இல்ல. சான்றுல பேரை விட்டாலும் பொண்ணுக்குச் சட்டத்துல இருக்கிற பங்கு எங்கயும் போயிடாது" என்று சொன்னால் இரண்டு பக்கமும் புரியும். தகராறு முற்றிவிட்ட குடும்பங்களை மேடையில் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அது உரிமையியல் நீதிமன்றத்து வேலை.

இந்தச் சான்றில் பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவைக்க உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கிராம ஊராட்சிப் பகுதியில் வீட்டில் நிகழும் இறப்பைப் பதிவு செய்கிறவரே நீங்கள்தான். 21 நாளுக்குள் சொன்னால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. துக்க வீட்டிலிருந்து வரும் யாரோ ஒரு சொந்தக்காரர் வாய்ச்சொல்லாகச் சொல்லும் பெயரை அப்படியே பதிந்தால், கூப்பிடும் பெயர்தான் பதிவேட்டில் ஏறும். ஆதாரில் கோவிந்தம்மாள், இறப்புச் சான்றில் சின்னப்பொண்ணு என்று ஆகிவிட்டால், வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, பட்டா மாறுதல் என்று ஒவ்வொரு இடத்திலும் அந்த வீடு திரும்பி வரும். "சாவைப் பதிய வரும்போது செத்தவங்களோட ஆதாரைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க" என்ற ஒரு வரியைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்ததும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை நாள்ல வரும்?" தேதி சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் மேசை, வருவாய் ஆய்வாளர் மேசை, அதற்கு மேல் துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் மேசை என்று மூன்று படிகள் இருப்பதைச் சொல்லி, ரசீதில் உள்ள விண்ணப்ப எண்ணைப் போட்டால் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்பதைக் காட்டுங்கள். கூட்டத்தில் யாரிடமாவது ரசீது இருந்தால் வாங்கி, எல்லார் முன்னாலும் பார்த்துக் காட்டலாம். அது உங்கள் லாகினிலேயே கிடக்கிறது என்று தெரியவந்தால் அங்கேயே விசாரித்து, அன்று சாயங்காலமே அனுப்பிவிடுங்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்கும், ஜமாபந்தியும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வரும். ஆகவே முகாம் தேதி உங்கள் கையில் இல்லாவிட்டாலும், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு பிரிவேளை கேட்டு வாங்கி, பிளஸ் டூ பிள்ளைகளிடம் இதே பேச்சைப் பேசிவிட்டு வாருங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயர் எழுதிய அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.